ஆணி குத்திய காலும் முப்பத்தாறு மாதமும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களில் பலர் செருப்புப் போடுவதில்லை. பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்கால்தான். கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகளும் நடக்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். கல் அழுத்துவது தெரியாது, ஆணி குத்துவதும் தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பாயில் கறை படிந்ததைப் பார்த்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அதற்குள் புண் ஆழமாகியிருக்கும்.

மருத்துவமனையில் சேர்த்ததும் வரும் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" என்பது. இருக்கிறது. பீரோவில், துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. வீட்டில் இருக்கிற யாரோ நான்கு பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் வேலை செய்யும் மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். முழுவதும் ஆங்கிலம். மகனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் அந்த ஆங்கிலம் அவன் பள்ளியிலோ வேலையிலோ படித்த ஆங்கிலம் இல்லை.

அந்த நான்கு படங்களில் எதைத் தேட வேண்டும், எது அவற்றில் இருக்கவே இருக்காது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. விளக்குவதற்காக ஒரு குடும்பத்தை நாமே கோத்துக்கொள்வோம். செங்கம் சாலையில் சிறிய டிபன் கடை வைத்திருக்கும் 57 வயதுக்காரர், அவர் மனைவி, திருப்பூரில் வேலை செய்யும் மகன். இவர்கள் குறிப்பிட்ட எவரும் இல்லை. இவர்களைப் பற்றிய தேதிகளும் தொகைகளும் நான் வைத்தவை. விதிகள் மட்டும் உண்மையானவை.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய்க்கு முதல் பாலிசி எடுத்தது 2022 ஜூலை 10. அப்போதே அவருக்கு ஆறு வருடச் சர்க்கரை. 2023-ல் புதுப்பிக்கும் தொகையை இருபது நாள் தாமதமாகக் கட்டினார்கள். 2024 ஜூலையில் காப்பீட்டுத் தொகையை 5 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 மே 12 சித்திரைப் பௌர்ணமி. அன்று இரவு நடந்ததில் ஆணி குத்தியது. ஒரு வாரத்தில் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் சேர்த்து, அழுகிய சதையை அகற்ற வேண்டியதாயிற்று.

படத்தில் இல்லாத பக்கம்

பாலிசி என்று வீட்டில் எல்லோரும் சொல்வது பெரும்பாலும் அதன் முகப்புத் தாளைத்தான். பெயர், வயது, பாலிசி எண், கட்டிய தொகை, காப்பீட்டுத் தொகை எல்லாம் கட்டம் கட்டி அச்சிட்ட தாள் அது. நிறுவனத்தார் அதை ஷெட்யூல் என்பார்கள். எந்த நோய்க்குப் பணம் வராது, எதற்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முழுதாக இருப்பது அரிது. அவை தனியாக இருபது, முப்பது பக்கம் ஓடும் நிபந்தனைப் புத்தகத்தில் இருக்கும். பல வீடுகளில் அந்தப் புத்தகம் காகிதமாக வந்ததே இல்லை. மின்னஞ்சலில் ஒரு இணைப்பாக வந்து, ஏஜென்ட் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலேயே கிடக்கும்.

ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணை வருத்திக்கொள்வதற்கு முன், முகப்புத் தாளின் மேலேயோ அடியிலேயோ UIN என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு குறியீடு இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒவ்வொரு பாலிசித் திட்டத்துக்கும் கொடுக்கும் அடையாள எண் அது. அதன் கடைசிப் பகுதியில் V என்ற எழுத்தும் அதையொட்டி எண்களும் வரும். அந்தத் திட்டத்தின் எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டுக்கு உரியது என்பதை அது காட்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு நிபந்தனைப் புத்தகத்தை முழுதாக, தெளிவாக இறக்கிக்கொள்ளலாம். திட்டத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அதே பெயரில் வேறு பதிப்பு கிடைத்துவிடும். காத்திருப்புக் காலம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கலாம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

புத்தகம் கிடைக்காமல் படத்தை வைத்தே படிக்க வேண்டிய நிலை வரும்போது, படம் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். தாள் வளைந்திருந்தால் வரியின் கடைசிச் சொற்கள் மடிப்புக்குள் போய்விடும். விலக்குகளை எழுதும் ஆங்கிலத்தில் பொருளைத் திருப்பிப்போடும் 'தவிர', 'வரை', 'பொருந்தாது' போன்ற சொற்கள் மிகச் சிறியவை. அவற்றில் ஒன்று மடிப்பில் விழுந்தாலும் நிபந்தனை தலைகீழாகப் புரியும். இன்னொரு சிக்கல், ஒரு நிபந்தனையின் முதல் இரண்டு உட்பிரிவு ஒரு பக்கத்தின் அடியிலும் மீதி அடுத்த பக்கத்தின் தலையிலும் இருப்பது. அடுத்த பக்கத்தைப் படம் எடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆகவே உட்பிரிவுகள் ஏ, பி, சி என்று எது வரை போகின்றன, அடுத்த நிபந்தனை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் இடையில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். அதையே டாக்குமென்ட் ஆக அனுப்பினால் எழுத்து உடையாமல் போகும்.

மூன்று குறியீடுகள்

2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு நிறுவனமும் விலக்குகளைத் தன் விருப்பத்துக்கு எழுதிவந்ததை நிறுத்தி, பொதுவான விலக்குகளுக்கு ஒரே வாசகத்தையும் ஒரே குறியீட்டையும் வகுத்தது. Excl01 முதல் Excl18 வரை அந்தக் குறியீடுகள் போகும். எந்த நிறுவனத்தின் பாலிசியாக இருந்தாலும் Excl01 என்றால் பொருள் ஒன்றுதான். மாறுவது மாதக் கணக்கும் நோய்ப் பட்டியலும். ஆங்கிலம் புரியாதவரும் ஒரு படத்தில் இந்தக் குறியீட்டைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படித்துவிட முடியும். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல பிடி அந்தத் தாளில் வேறு இல்லை.

முதல் மூன்றும் காத்திருப்புக் காலம் பற்றியவை. அந்தக் காலம் முடிந்தால் அந்த விலக்கும் முடிந்தது. அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் நிரந்தர விலக்குகள். எத்தனை வருடம் கட்டினாலும் பாலிசியிலேயே வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழியப் பணம் வராது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "சர்க்கரைக்கு இதில் கவரே இல்லையாம்" என்று சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாலிசியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கட்டிய வருடங்கள் அத்தனையும் வீணாகும் முடிவு அது.

Excl03 எளிது. முதல் பாலிசி தொடங்கிய 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு உண்டு. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பாலிசி வைத்திருப்பவருக்கு இந்த 30 நாள் கணக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வருடமும் புதுப்பித்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

Excl02-ல்தான் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். கண்புரை, குடலிறக்கம், மூலம், பவுத்திரம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கருப்பை அகற்றுதல், டான்சில், மூட்டு மாற்று போன்றவை வழக்கமாக அதில் வரும். பெரும்பாலும் 24 மாதம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். இதன் உட்பிரிவுகளில் ஒன்று பலரை அடிக்கிறது. பாலிசி எடுத்த பிறகு புதிதாக வந்த நோயாக இருந்தாலும், பட்டியலில் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். "பாலிசி எடுக்கும்போது எனக்கு ஹெர்னியாவே இல்லையே" என்ற நியாயம் இங்கே செல்லாது. விபத்தால் வந்தது என்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை.

Excl01 ஏற்கெனவே இருந்த நோயைப் பற்றியது. அந்த நோய்க்கும், அதன் நேரடிப் பின்விளைவுகளுக்கும் செய்யும் சிகிச்சை இத்தனை மாதம் வரை விலக்கு என்று எழுதியிருக்கும். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய விதிகளின்படி அது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 48 மாதம் வரை போகலாம் என்று இருந்தது. 'ஏற்கெனவே இருந்த நோய்' என்பதற்கும் அளவு உண்டு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்தது, அல்லது அந்தக் காலத்தில் அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ சொன்னது, பெற்றது. நம் கடைக்காரரின் சர்க்கரை ஆறு வருடத்துக்கு முன்பே கண்டறிந்ததுதான். ஆனாலும் தினமும் மாத்திரை போட்டுவந்தார். எனவே அது இந்த வரையறைக்குள் விழும்.

மற்ற குறியீடுகளில் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. Excl13 என்பது இயற்கை வைத்திய நிலையம், ஸ்பா, அதுபோன்ற இடங்களில் தங்கிச் செய்துகொள்ளும் சிகிச்சையை விலக்குகிறது. ஆசிரமங்களும் தங்கிச் சிகிச்சை பெறும் இடங்களும் இருக்கிற ஊரில், சித்தா, ஆயுர்வேத சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது அந்த இடம் பாலிசி வரையறுக்கும் ஆயுஷ் மருத்துவமனையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சித்த மருத்துவம் என்பதால் யாரும் மறுக்க முடியாது. இடம் சரியில்லை என்றால் மறுப்பார்கள்.

எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது

இந்த மூன்று காத்திருப்புகளும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குகின்றன: முதல் பாலிசி தொடங்கிய நாள். ஆனால் முகப்புத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது நடப்பு ஆண்டின் தேதி. திருப்பூர் மகன் பார்த்த படத்தில் 2024 ஜூலை 10 முதல் 2025 ஜூலை 9 வரை என்று இருக்கும். அதைத் தொடக்கமாக வைத்து எண்ணினால் அப்பாவின் பாலிசிக்கு வெறும் பத்து மாதம்தான் ஆகிறது. உண்மையில் 34 மாதம் ஆகிவிட்டது. முதல் பாலிசித் தேதி அதே தாளில் சின்னதாக ஒரு கட்டத்துக்குள், உறுப்பினர் பெயர்களுக்கு எதிரே இருக்கலாம். இல்லையென்றால் பழைய ஆண்டுகளின் முகப்புத் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். அதனால்தான் பழைய தாள்களைத் தூக்கிப் போடக் கூடாது. வேறு நிறுவனத்திலிருந்து மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய நிறுவனத்தில் காத்திருந்த காலமும் கழியும், ஆனால் அதை நிரூபிக்கும் தாள் கையில் இருக்க வேண்டும்.

2023-ல் இருபது நாள் தாமதமாகக் கட்டியதால் தொடர்ச்சி அறுந்துபோனதா? இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் கணக்கு தொடரும். ஆனால் கட்டாமல் இருந்த அந்த இருபது நாளில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் பணம் வந்திருக்காது. முப்பத்தொன்றாம் நாள் கட்டப் போயிருந்தால் கதையே வேறு. புதுப் பாலிசியாக எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டி வரும்.

அடுத்தது 2024-ல் உயர்த்திய 3 லட்சம். எல்லாக் காத்திருப்புகளும் உயர்த்திய தொகைக்குப் புதிதாகத் தொடங்கும் என்று மூன்று குறியீடுகளிலும் ஒரு உட்பிரிவு இருக்கிறது. இதைக் கவனிக்காதவர்களே அதிகம். நம் கடைக்காரருக்கு 2025 ஜனவரியில் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்ததாக வைத்துக்கொள்வோம். 2022 ஜூலையிலிருந்து எண்ணினால் 24 மாதம் தாண்டிவிட்டது. எனவே விலக்கு இல்லை. ஆனால் அவருக்கு அந்தச் சிகிச்சைக்கு இருக்கும் உச்சவரம்பு 5 லட்சம் இல்லை, பழைய 2 லட்சம்தான். மீதி 3 லட்சம் குடலிறக்கத்துக்குத் திறப்பது 2026 ஜூலையில். சர்க்கரைக்குத் திறப்பது 36 மாதம் கழித்து, 2027 ஜூலையில். முகப்புத் தாளில் 5,00,000 என்று ஒரே எண்ணாக அச்சிட்டிருக்கும். அதற்குள் வேறு வேறு வயதுள்ள இரண்டு தொகைகள் இருப்பதை அந்த எண் சொல்லாது.

பழைய படத்தால் வரும் இன்னொரு தவறும் உண்டு. 2022-ல் எடுத்த பாலிசியின் படத்தில் Excl01 பக்கத்தில் 48 மாதம் என்று இருந்திருக்கும். அதை நம்பினால் சர்க்கரைக்குக் காத்திருப்பு 2026 ஜூலை வரை. விதி மாறிய பிறகு நிறுவனங்கள் தங்கள் திட்டங்களை 36 மாதத்துக்குத் திருத்த வேண்டியிருந்தது. அதன்பின் புதுப்பித்த பாலிசியின் நிபந்தனையைப் பார்த்தால் பழைய 2 லட்சத்துக்கு 2025 ஜூலையிலேயே காத்திருப்பு முடிந்துவிடும். ஒரே பாலிசிதான், ஆனால் எந்த ஆண்டின் தாளைப் படம் எடுத்தோம் என்பதைப் பொறுத்து ஒரு வருடம் வித்தியாசம் வருகிறது. சிகிச்சை நடந்தபோது எந்த ஆண்டுப் பாலிசி நடப்பில் இருந்ததோ அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

விபத்தா, பின்விளைவா

இப்போது அந்தக் காலுக்கு வருவோம். 2025 மே மாதம். 36 என்று எண்ணினாலும் 48 என்று எண்ணினாலும் சர்க்கரைக்கான காத்திருப்பு முடியவில்லை. முதல் கணக்கில் இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. நிறுவனம் என்ன சொல்லும்? பாதத்தில் புண், நோயாளிக்குச் சர்க்கரை, எனவே இது சர்க்கரையின் நேரடிப் பின்விளைவு, Excl01-ன்படி விலக்கு. குடும்பம் என்ன சொல்லும்? ஆணி குத்தியது விபத்து. விபத்துக்குக் காத்திருப்பே கிடையாதே.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. Excl02, Excl03 இரண்டிலும் விபத்துக்கு விதிவிலக்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. Excl01-ல் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் விபத்து என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் நிறுவனம் அந்த இடைவெளியைக் காட்டும். வாதம் வேறு இடத்தில் நிற்க வேண்டும். Excl01 விலக்குவது ஏற்கெனவே இருந்த நோயையும் அதன் நேரடிப் பின்விளைவையும் மட்டும். இரும்பு ஆணி உள்ளே போனதால் வந்த காயம் சர்க்கரை நோய் இல்லை. சர்க்கரையால் அந்தக் காயம் ஆறத் தாமதமானது உண்மை. ஆறத் தாமதமாவதும், காயமே சர்க்கரையால் வருவதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. வெளிக்காயம் எதுவும் இல்லாமல், மரத்துப்போன பாதத்தில் அழுத்தத்தால் தானாக வரும் புண் நேரடிப் பின்விளைவு என்பதில் சந்தேகம் இல்லை. ஆணிக் காயம் அப்படி இல்லை என்பது என் கருத்து. ஆனால் இதில் நிறுவனங்களும் குறைதீர்ப்பாளர்களும் ஒவ்வொரு வழக்கிலும் மருத்துவக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே எல்லாம் மருத்துவமனையில் சேரும் அன்று எழுதும் முதல் குறிப்பில் தொங்குகிறது. எப்படி வந்தது என்று டாக்டர் கேட்கும்போது, பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் "சுகர் புண்ணு சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவே குறிப்பாகிறது. கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே வருகிறது. அந்தத் தாளைப் பார்க்கும் காப்பீட்டு மருத்துவர் கிரிவலத்தில் உங்களோடு நடந்தவர் இல்லை. ஆணி எந்த நாள், எங்கே குத்தியது, எப்போது கவனித்தீர்கள், டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். ஆணியோ கண்ணாடித் துண்டோ உள்ளே இருந்து எடுத்திருந்தால் அது குறிப்பில் வர வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தால் அந்தப் படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். நடக்காததை எழுதச் சொல்லிக் கேட்பது குற்றம், அதோடு மொத்தக் கோரிக்கையையும் கெடுத்துவிடும். நடந்ததை முழுதாக எழுதும்படி கேட்பது நோயாளியின் உரிமை. டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்த வரிகளை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் கட்டாமல் சிகிச்சை பெறக் கேட்டது மறுக்கப்பட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த மறுப்பு பல நேரங்களில், "இப்போது கையில் இருக்கும் தகவலை வைத்து முடிவு செய்ய இயலவில்லை" என்பதுதான். கோரிக்கையே தள்ளுபடி ஆனதாக அர்த்தம் இல்லை. பில்லைக் கட்டிவிட்டு, அத்தனை தாள்களோடும் பிறகு திரும்பக் கேட்கலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்துக்குள் இருக்கும் கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிட்டு எழுத்தில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் ஏற்காதீர்கள். கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் Excl01 இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்பதிலிருந்துதான் அடுத்த வேலை தொடங்கும்.

ஏஜென்ட் நிரப்பிய படிவம்

Excl01-ன் கடைசி உட்பிரிவு பெரும்பாலும் படத்தில் இடம்பெறாத அந்த அடுத்த பக்கத்தில் இருக்கும். காத்திருப்புக் காலம் முடிந்த பிறகும் பணம் வர வேண்டுமானால், அந்த நோயை விண்ணப்பிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், நிறுவனம் அதை ஏற்றிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 36 மாதம் பொறுமையாகக் காத்திருந்தவர் 37-வது மாதம் தோற்பது இங்கேதான்.

"சுகர் இருக்குன்னு ஏஜென்ட்கிட்ட வாயால சொன்னேன்" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, ஏஜென்ட் தானே நிரப்பினார், 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார், இவர் கையெழுத்துப் போட்டார். நிரப்பிய படிவத்தின் நகல் பாலிசியோடு வாடிக்கையாளருக்கு வர வேண்டும். அது படத்தில் இல்லை என்றால், வீட்டிலும் இல்லை என்றால், இன்றே நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பதாரருக்குத் தெரியாத மொழியில் படிவம் இருந்தால், அதிலிருப்பதை அவருக்கு விளக்கிச் சொன்னதாக ஓர் உறுதிமொழி வாங்கும் வழக்கமும் உண்டு. அந்த இடம் காலியாக இருக்கிறதா, யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் தகராறு வந்தால் அது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும். தவறான குறி இருந்தால் நோய் வருவதற்கு முன்பே, புதுப்பிக்கும் நேரத்திலாவது எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. கட்டணம் கூடலாம். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு தெரியவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முன் வந்த விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னவருக்கு அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு வந்தது. கொழுப்புக்கு மாத்திரை எடுத்ததைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. சர்க்கரையைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்த பிறகு இப்படி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அறியாமல் விட்டுப்போனவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்க முடியாது. முன்பு இது 96 மாதமாக இருந்தது. இங்கும் உயர்த்திய தொகைக்குத் தனிக் கணக்குதான்.

தமிழில் கேட்டால் தர வேண்டும்

2024 ஜனவரி முதல் ஒவ்வொரு உடல்நலப் பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று புதிய வடிவில் வர வேண்டும். சில பக்கங்கள்தான். எதற்கெல்லாம் பணம் வரும், எதெல்லாம் விலக்கு, காத்திருப்பு எத்தனை மாதம், நம் கையிலிருந்து எத்தனை சதவீதம் போகும், புகார் யாரிடம் என்று எளிய நடையில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிபந்தனைப் புத்தகத்தின் பிரிவு எண் இருக்கும். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் அதை வட்டார மொழியில் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். தமிழில் கேட்கலாம் என்பதே தெரியாததால் யாரும் கேட்பதில்லை. பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போதும். தகவல் தாளும் நிபந்தனைப் புத்தகமும் முரண்பட்டால் புத்தகத்தில் இருப்பதே செல்லும் என்பதால் தமிழ்த் தாளை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஆனால் பிரிவு எண்ணை வைத்து ஆங்கிலப் பக்கத்தில் சரியான இடத்துக்குப் போக அது வழிகாட்டும்.

புதிதாகப் பாலிசி எடுத்தவர்களுக்கு, தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்து, காத்திருப்போ விலக்கோ ஏஜென்ட் சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நாட்களுக்கான கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைச் செலவு போக மீதி வரும். தமிழ்த் தாளைக் கேட்க வேண்டிய நேரமும் இந்த 30 நாள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பமாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தனியார் பாலிசியைப் போல அதில் காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் பாலிசியின் படத்தோடு மல்லுக்கட்டும் குடும்பங்களில் சில, அந்த அட்டையும் வைத்திருந்து மறந்துபோயிருக்கும். பதிவுபெற்ற மருத்துவமனையா, அந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று சேரும்போதே விசாரித்துவிட்டால் கால் புண்ணுக்காகக் கடன் வாங்க வேண்டியிராது.

நிராகரித்த கடிதம் வந்த பிறகு

விலக்கு இருப்பதே எனக்குச் சொல்லப்படவில்லை என்பதும் ஒரு வாதம்தான். மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் 2000-லும், பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் 2019-லும், தெரிவிக்கப்படாத விலக்கு நிபந்தனையைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் பொருட்களுக்கான காப்பீட்டு வழக்குகள். ஆனால் கொள்கை பொதுவானது. இதை எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நிபந்தனைப் புத்தகத்தை மின்னஞ்சலில் அனுப்பிய பதிவை நிறுவனம் காட்டினால் இந்த வாதம் நிற்பது கடினம். நம் கடைக்காரரைப் போன்றவருக்கு இதைவிட வலுவானது ஆணிக் காயத்தைப் பற்றிய மருத்துவக் குறிப்புதான்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். நிராகரித்த கடிதம், அதில் சொன்ன குறியீடு, முதல் பாலிசித் தேதியைக் காட்டும் பழைய முகப்புத் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சை செய்த மருத்துவரிடம் காயம் எப்படி வந்தது என்று வாங்கிய சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அவருடைய எல்லைக்குள் வருகிறது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்து வாதாடவும் முடியாது. கடைக்காரரோ அவர் மகனோ நேரில் பேச வேண்டும். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். பாதகமாக வந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது.